பொன்னாயி ஒத்துக்கொண்ட வட்டி

பொன்னாயியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுகை அதற்குப் பிறகு வரும். கோபம் யார் மேல் என்று கேட்டால், பாதி அவள் மேலேயே. செத்துப்போனவள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுவேன். அவ்வளவு நல்லவளாக இருந்து தொலைத்திருக்க வேண்டாம்.

நான் திருச்செங்கோடு முன்சீப் கோர்ட்டில் அருணகிரி வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவன். பெயர் சரவணமுத்து. வக்கீல் கோர்ட்டுக்குள் பேசுவார். மற்றதெல்லாம் நான்தான். கட்சிக்காரனை வாய்தாவுக்கு வரச் சொல்வது, வராதவனைத் திட்டுவது, வந்தவனுக்குக் காப்பி வாங்கித் தருவது, அழுகிறவர்களை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைப்பது. கடன் கேஸ்கள்தான் எங்கள் ஆபீசில் அதிகம். அந்தப் பக்கத்து ஊர்களில் யாருக்கு யார் எத்தனை வட்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டால் எனக்குத் தூக்கத்திலும் சொல்லத் தெரியும்.

பொன்னாயி எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி. ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு, ஒரு கிணறு, காட்டுக்குள்ளேயே ஒரு ஓட்டு வீடு, இரண்டு எருமை, நாலைந்து ஆடு, ஒரே மகள் வசந்தாமணி. புருசன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது மகளுக்குப் பத்து வயதுகூட இல்லை. அதற்குப் பிறகு அந்தக் காட்டை உழுததும் விதைத்ததும் அவள்தான். ஏர் பிடிக்கக் கூலிக்கு ஆள் கிடைக்காத வருஷம் அவளே மேழியைப் பிடித்தாள். ஊரில் நாலு பேர் பொட்டச்சி ஏர் ஓட்டுகிறாள் என்று சிரித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிற்பாடு அவள் கேஸ் எங்களிடம் நடந்தபோது, நிலக்கடலை பிடுங்குகிற சமயத்தில் ஆபீசுக்கு வந்தால் மடியில் ஒரு படி கடலை இல்லாமல் வரமாட்டாள். பீஸ் கொடுத்த பிறகும் கடலை கொடுப்பாள். வேண்டாம் என்றால் முகம் வாடிப்போகும்.

அவளிடம் ஒரு குணம் இருந்தது. சொன்னால் சொன்னதுதான். பக்கத்துக் காட்டுக்காரிக்கு வெள்ளிக்கிழமை மாற்றாள் வேலைக்கு, அவள் காட்டுக்கு இவளும் இவள் காட்டுக்கு அவளுமாகக் கூலியில்லாமல் செய்கிற வேலைக்கு, வருகிறேன் என்று சொல்லியிருந்தால், காய்ச்சலோடு போய் நிற்பாள். சந்தையில் ஆட்டுக்கு ஒரு விலை ஒத்துக்கொண்ட பிறகு வேறொருவன் இருபது ரூபாய் சேர்த்துக் கொடுத்தாலும் தரமாட்டாள். ஊரில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அந்தக் குணத்தைத்தான் பிற்பாடு ஒருவன் கயிறாகப் பிடித்து இழுத்தான்.

எண்பத்திரண்டில் மழை பொய்த்துப் போனது. கிணற்றில் தவளைகூட இல்லை. ஊரில் எல்லோரும் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ராவும் பகலும் காட்டுக்குக் காடு ஓடிய காலம் அது. பொன்னாயியும் போர் போடுவதென்று முடிவு செய்தாள். கூட்டுறவு சொசைட்டியில் புருசன் பேரில் பழைய பாக்கி நின்றதால் அங்கே கதவு சாத்திவிட்டார்கள். பேங்குக்காரன் சொசைட்டியைக் கேட்டுவிட்டு அவனும் சாத்திவிட்டான். கடைசியில் ராசப்பனிடம் போனாள்.

ராசப்பன் ஊருக்குள் பைனான்ஸ் நடத்தியவன். பேச்செல்லாம் தேனாக இருக்கும். சும்மா சொல்லக் கூடாது, பொன்னாயியின் புருசன் செத்த அன்று சுடுகாட்டுக்கு விறகு அனுப்பியவன் அவன்தான். காசு வாங்கவில்லை. அதை அவள் சாகிற வரைக்கும் மறக்கவில்லை. அண்ணா, அண்ணா என்றுதான் அவனைக் கூப்பிடுவாள்.

நாலாயிரம் ரூபாய் கேட்டாள். ஈடு வேண்டாம், உன் வார்த்தை போதும் என்றான். நூற்றுக்கு மாசம் ஐந்து ரூபாய் வட்டி என்றான். சரிங்கண்ணா என்றாள். முதல் மாச வட்டி இருநூறைப் பிடித்துக்கொண்டு மூவாயிரத்து எண்ணூறைக் கையில் கொடுத்தான். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோ நோட்டில் அவள் பெருவிரல் ரேகை வாங்கினான். அந்த நோட்டில் வட்டி என்ன எழுதியிருந்தான் தெரியுமா? நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய். காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

போர் முந்நூறு அடி போனது. வெறும் புழுதிதான் கிளம்பியது. ரிக் வண்டிக்காரன் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவள் மாசம் தவறாமல் இருநூறு ரூபாய் கட்டினாள். ராசப்பனிடம் வசூலுக்கு இருந்த மாரி சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போவான். ரசீது என்ற பேச்சே கிடையாது. எருமைப் பால் காசு அப்படியே போனது. பாலை ஊற்றிவிட்டு வீட்டில் கடுங்காப்பி குடித்தார்கள். பிறகு ஆடுகள் போயின. பிறகு அவள் காதில் கிடந்த தோடு போனது. வசந்தாமணி பத்தாவது முடித்துவிட்டுக் குமாரபாளையத்துக்குத் தறிப்பட்டறை வேலைக்குப் போனாள். மேலே படிக்க அந்தப் பெண்ணுக்கு அத்தனை ஆசை. இரண்டரை வருஷத்தில் ஆறாயிரம் ரூபாய் கட்டி முடித்தபோதும் அசல் நாலாயிரம் அசையாமல் அப்படியே நின்றது. ஐந்து வட்டி என்றால் அப்படித்தான். எத்தனை அள்ளிப் போட்டாலும் அடியில் ஒட்டாது.

எண்பத்தைந்து தொடக்கத்தில் ஒரு எருமை செத்தது. பணம் கட்ட முடியவில்லை. சித்திரையில் ராசப்பனே காட்டுக்கு வந்தான். மூன்று வருஷம் ஆனால் நோட்டு செத்துப்போகும், மாற்றி எழுதிவிடலாம் என்றான். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். காலாவதி ஆவதற்கு முன்னால் கடன் கொடுத்தவன் வந்து நிற்பதும், வாங்கியவன் இன்னொரு நோட்டில் ரேகை வைப்பதும் ஏதோ உறவுக்காரர் வந்து போவது போல நடக்கும். பொன்னாயி மோர் கொடுத்து உபசரித்தாள். தொகை எழுதாத நோட்டில் ரேகை வைத்தாள். அண்ணன் சரியாக எழுதிக்கொள்வார் என்று நினைத்தாளாம்.

அண்ணன் ஏழாயிரம் என்று எழுதிக்கொண்டார். அடுத்த வருஷம் அதை வைத்துக் கோர்ட்டில் வழக்குப் போட்டார். தீர்ப்பாகும் முன்பே காட்டை ஜப்தி செய்ய வேண்டும் என்று கூடவே ஒரு மனு. அந்தக் காடு ரோட்டோரம். அவனுக்கு வேண்டியது காடுதான், பணம் இல்லை.

சம்மனை எடுத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தவள் வசந்தாமணி. தலைமுடியில் பஞ்சுத்தூசி அப்படியே இருந்தது. தறியை நிறுத்திவிட்டு நேராக பஸ் ஏறியிருக்கிறாள். உள்ளே வர மாட்டேன் என்று பொன்னாயி வாசலிலேயே நின்றாள். கடன் வாங்கியவள் வக்கீல் வீட்டுப் படி ஏறுவது அவளுக்கு அவமானம்.

வக்கீல் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு பொன்னாயியை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். தனியாராகக் கடன் கொடுத்து வாங்கும் தொழில் செய்கிறவனுக்குத் தாசில்தாரிடம் வாங்கிய லைசன்சு இருக்க வேண்டும். சர்க்கார் வைத்திருக்கிற உச்ச வட்டி வருஷத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு, அதாவது மாசம் ஒரு ரூபாய். வட்டிக்கு வட்டி கிடையாது. வாங்குகிற பணத்துக்கு ரசீது தர வேண்டும், கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். நோட்டில் ஒரு ரூபாய் என்று எழுதிவிட்டு வாயால் ஐந்து ரூபாய் வாங்குவது இதற்குப் பயந்துதான். நோட்டை எத்தனை தடவை மாற்றி எழுதினாலும் கோர்ட் அதோடு நிற்காது. முதலில் கையில் கொடுத்தது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று தோண்டிப் பார்க்கும். உன் கையில் வந்தது மூவாயிரத்து எண்ணூறு. நீ கட்டிய பணத்தில் மாசம் ஒரு ரூபாய் வட்டியைக் கழித்துக்கொண்டு மீதியை அசலில் வைத்தால், இரண்டு வருஷம் முடிவதற்குள்ளேயே கடன் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் நீ கொடுத்தது அவன் உனக்குத் திருப்பித் தர வேண்டிய பணம்.

பொன்னாயி மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப நான் அவருக்கு ஒண்ணும் தர வேண்டியதில்லீங்களா சாமி?”

“ஒரு பைசா வேண்டியதில்லம்மா.”

வசந்தாமணி அங்கேயே உடைந்து அழுதுவிட்டாள். பொன்னாயி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட்ட முகமாக இல்லை. அதை நான் அப்போதே கவனித்தேன். கிராமத்து மனுசி, சட்டம் புரிய நேரமாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையைத் தொடங்கினோம். லைசன்சு இல்லாமல் தொழில் செய்கிறான், அளவுக்கு மேல் வட்டி வாங்குகிறான் என்று தாசில்தாருக்கு ஒரு மனு. கணக்குக் காட்டு என்று ராசப்பனுக்கு வக்கீல் நோட்டீஸ். கோர்ட்டில் எதிர்வழக்குரை. சாட்சிக்கு மாரியையே பிடித்தேன். ராசப்பன் அவனுக்கு ஆறு மாசச் சம்பளம் கொடுக்காமல் துரத்தியிருந்தான். மாசாமாசம் இருநூறு வாங்கிக்கொண்டு போனது நான்தான், எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்கிறேன் என்றான். ஜப்தி மனு தள்ளுபடி ஆனது. தாசில்தார் ஆபீசிலிருந்து ராசப்பனை விசாரணைக்குக் கூப்பிட்டு, லைசன்சையும் கணக்கையும் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டும் அவனிடம் இல்லை. நான் ஒரு வாரம் சிரித்த முகமாகத் திரிந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் நடந்தது வேறு. ராசப்பன் எங்கே போனாலும் ஒன்றைச் சொன்னான். ஆத்திர அவசரத்துக்குக் கேட்டாள், ஈடில்லாமல் கொடுத்தேன், இப்போது தரமாட்டேன் என்கிறாள் என்று. குழாயடியில் பொன்னாயியைப் பார்த்துப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மாற்றாளுக்குக் கூப்பிடுவது குறைந்தது. கடன் தின்றவள் என்று யாரோ அவள் காது படவே சொல்லியிருக்கிறார்கள். அவள் ஆயுசில் கேட்காத பேச்சு அது. என்னிடம் வந்து, சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது தம்பி என்றாள். கேஸ் ஜெயித்தால் எல்லாம் அடங்கிவிடும் அக்கா என்றேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊர்ப் பெரியவர் பச்சமுத்து மூலமாக ராசப்பன் ஒரு சமாதானம் சொல்லி அனுப்பினான். கோர்ட்டு வேண்டாம், தாசில்தார் வேண்டாம், மலைக்கு வரட்டும், அறுபதாம்படியில் சத்தியம் செய்யட்டும். செய்துவிட்டால் நோட்டை அங்கேயே கிழித்துப் போடுகிறேன். செய்ய முடியாவிட்டால் நோட்டில் உள்ளதைக் கொடுக்கட்டும்.

அறுபதாம்படி என்பது திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறுகிற வழியில் உள்ள இடம். எங்கள் சுற்றுவட்டாரத்தில் வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல், களவு எதுவானாலும் எதிராளி கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி, அங்கே ஏற்றிய சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். முந்தி ஒரு காலத்தில் கோர்ட்டே அந்தச் சத்தியத்தை ஏற்றுக்கொண்டது. இரு தரப்பும் சம்மதித்தால் கோயில் சத்தியத்தோடு வழக்கு முடிந்துவிடும். அந்தச் சட்டத்தை அறுபத்தொன்பதிலேயே எடுத்துவிட்டார்கள்.

பொன்னாயிக்கு அன்றைக்குத்தான் முகத்தில் வெளிச்சம் வந்தது. இதற்குத்தானே காத்திருந்தேன் என்பது போல ஆபீசுக்கு ஓடி வந்தாள். ஆறாயிரம் கட்டியது சத்தியம், நான் பயப்பட ஒன்றுமில்லை, ஊரே பார்க்க அணைத்துவிட்டு வருகிறேன் என்றாள். வக்கீலுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கேஸ் உன் பக்கம் நிற்கிறது, எவனாவது ஜெயிக்கிற கேஸை மலையில் கொண்டுபோய் வைப்பானா என்று கத்தினார். பிறகு தணிந்து, போவதானால் என்ன கேள்வி என்று முதலில் எழுதி வாங்கிக்கொள், கேள்வி தெரியாமல் போகாதே என்றார்.

“நடந்ததத்தானுங்களே கேப்பாரு. சத்தியத்துக்குப் போறவ கேள்விய எழுதி வாங்கிட்டுப் போனா என்னன்னு நெனைப்பாங்க?”

அதோடு கிளம்பிவிட்டாள். வசந்தாமணி காலைப் பிடித்துக் கெஞ்சினாள். நானும் வாய் வலிக்கச் சொன்னேன். அக்கா, நீ கோர்ட்டுக்குப் பொய் சொல்லவில்லை, ஊருக்காக எதையும் நிரூபிக்க வேண்டாம் என்றேன். அவள் கேட்டால்தானே. ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், அது கோர்ட்டுக் காகிதத்தில் கிடைக்காது என்றாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் போனோம். மனசு கேட்காமல் நானும் கூடவே போனேன். பொன்னாயி தலைக்குக் குளித்து, வெளுத்த சீலை கட்டி, வெறும் வயிற்றோடு படி ஏறினாள். வசந்தாமணி பின்னால். ராசப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்திமானாக நின்றான். ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். பச்சமுத்து தட்டில் சூடம் வைத்து ஏற்றினார். கொடுத்தவன் கேட்கலாம் என்றார்.

நான் எதிர்பார்த்தது, எவ்வளவு கட்டினாய் என்ற கேள்வியை. பொன்னாயி எதிர்பார்த்ததும் அதைத்தான். கையை நீட்டிக்கொண்டு தயாராகவே நின்றாள். ராசப்பன் அதைத் தொடவே இல்லை.

“நூத்துக்கு மாசம் அஞ்சு ரூவா தாரேன்னு நீ வாயால ஒத்துக்கவே இல்லைன்னு சொல்லி சூடத்த அணச்சிரு பொன்னாயி. நோட்ட இங்கயே கிழிச்சுப் போடறேன்.”

இது கேள்வியே இல்லை, ஐந்து ரூபாய்க்கு ஒத்துக்கொண்டாலும் சட்டத்தில் அது செல்லாது, வாங்கியதே குற்றம், எவ்வளவு கட்டினாள் என்று கேள் என்று நான் கத்தினேன். பச்சமுத்து என்னைப் பார்த்து, தம்பி, கோர்ட்டுப் பேச்சைக் கீழே வைத்துக்கொள், இது சாமி முன்னால் பேசுகிற பேச்சு என்றார். கூட்டமும் ஆமாம் என்றது. வசந்தாமணி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, வாம்மா போய்விடலாம், பதில் சொல்லாதே என்று அழுதாள்.

பொன்னாயி சூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது பாதி எரிந்து தீர்ந்தது. அவள் நினைத்திருந்தால் கையை வைத்து அணைத்திருக்கலாம். அணைத்திருந்தால் காடு அவளுடையது, வீடு அவளுடையது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அணைத்திருப்பார்கள். நான் அணைத்திருப்பேன், சந்தேகமே வேண்டாம். அவள் நீட்டிய கையை மடியோடு இழுத்துக்கொண்டாள்.

“ஒத்துக்கிட்டனுங்கண்ணா” என்றாள்.

அவ்வளவுதான். சத்தியம் செய்ய முடியவில்லை, கொடுத்துவிட வேண்டியதுதான் என்று பச்சமுத்து முடித்தார். ராசப்பன் சாமியைப் பார்த்துக் கும்பிட்டான். பொன்னாயி பாக்கிப் படிகளையும் ஏறிப்போய் அர்த்தநாரீசுவரரைக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினாள். வசந்தாமணி ஏறவில்லை. அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

கீழே வந்து நாங்கள் மறுபடியும் முட்டிப் பார்த்தோம். மலையில் நடந்தது கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, ஐந்து ரூபாய் பேசியதை நீ ஒத்துக்கொண்டதே அவனுக்கு எதிரான சாட்சி, வாய்தாவுக்கு வந்து அதையே சொல் போதும் என்று வக்கீல் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னார். பொன்னாயி மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். சாமி முன்னால் ஒத்துக்கொண்டதை ஜட்ஜ் முன்னால் மாற்றிப் பேச மாட்டேன் என்றாள். யாரும் மாற்றிப் பேசச் சொல்லவில்லையே தாயே, அங்கே சொன்னதை இங்கேயும் சொல் என்றுதானே சொல்கிறோம் என்று நான் அழாத குறையாகச் சொன்னேன். அவள் மனசில் அது ஏறவே இல்லை. கொடுத்துவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டு போனது ஒரு பேச்சு, அதிலிருந்து இறங்கினால் அவள் பொன்னாயி இல்லை.

ஒன்றரை ஏக்கர் காட்டையும் கிணற்றையும் வீட்டையும் ராசப்பன் மச்சினன் பேருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்தாள். கடனையும் கேஸ் செலவையும் கழித்துக்கொண்டு ஏதோ கொஞ்சம் கையில் கொடுத்தார்கள். கோர்ட்டில் வெளியே ராசியாகிவிட்டது என்று மனுப் போட்டார்கள். முன்சீப் நல்ல மனுசர். அவளைக் கூண்டருகே கூப்பிட்டு, யாராவது மிரட்டினார்களா அம்மா என்று கேட்டார். இல்லீங்க, நானாத்தான் கொடுத்தேன் என்றாள். கட்சிக்காரியே வேண்டாம் என்றால் கோர்ட் என்ன செய்யும்? வழக்கை முடித்துக் கேஸ் கட்டை ஓரமாக வைத்தார்கள். தாசில்தார் ஆபீசிலும் போய்ப் புகார் எதுவும் இல்லை என்று ரேகை வைத்தாள். லைசன்சு இல்லாததற்கு ராசப்பன் ஏதோ அபராதம் கட்டினான் என்று கேள்வி. கட்டிவிட்டு லைசன்சும் வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் கடை முன்னால் அரசு அனுமதி பெற்றது என்று போர்டே தொங்கியது. வட்டி மட்டும் அதே ஐந்துதான்.

அம்மாவும் மகளும் ஒரு பெட்டி, இரண்டு சாக்கு மூட்டையோடு குமாரபாளையம் போய்ச் சேர்ந்தார்கள். எருமையை விற்றுவிட்டார்கள். தறிப்பட்டறைக்குப் பின்னால் லைன் வீட்டில் ஒரே அறை. வசந்தாமணி தறி ஓட்டினாள், பொன்னாயி தார் சுற்றினாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற சின்னக் குழலில் நூல் சுற்றுவதைத்தான் அங்கே தார் சுற்றுவது என்பார்கள். கிழவிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் செய்கிற வேலை. மேழி பிடித்த கைக்கு அந்த வேலை. வசந்தாமணி பல மாசம் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாளாம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் காட்டுக்காகத்தான் அவள் படிப்பை விட்டாள். ஊர் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? பொன்னாயி போல் நேர்மை உண்டா என்று புகழ்ந்தது. புகழ்ந்தவன் ஒருத்தனும் ஒரு குத்து அரிசி கொண்டுபோய்க் கொடுத்தது கிடையாது.

எண்பத்தொன்பதில் நான் ஒரு கட்சிக்காரரைப் பார்க்கக் குமாரபாளையம் போனவன், அவர்கள் அறைக்கும் போனேன். பொன்னாயி பாதியாகி இருந்தாள். பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி, பேச்சுக்குப் பேச்சு இருமல். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே டம்ளரைத் துடைத்து மோர் ஊற்றினாள். மழை உண்டா, ஊரில் கடலை எப்படி என்று கேட்டாள். அந்தக் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே இப்போது ராசப்பன் மச்சினன் லாரி ஷெட் போட்டிருக்கிறான் என்று நானும் சொல்லவில்லை.

புறப்படும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று கேட்க வேண்டும், மூன்று வருஷமாக இதுவே மனசில் ஓடுகிறது, மகளிடம் கேட்டால் திட்டுவாள் என்றாள்.

“அன்னைக்கு அந்தப் படியில அவரு என்னக் கேட்டாருல்லங்க தம்பி. நான் அவரத் திருப்பி ஒரு கேள்வி கேட்டிருக்கலாமுங்களா? சூடத்த அணைன்னு நானும் சொல்லியிருக்கலாமுங்களா?”

கேட்டிருக்கலாம் அக்கா என்றேன். எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டிருக்கலாம். நோட்டில் ஒரு ரூபாய் என்று ஏன் எழுதினாய் என்று கேட்டிருக்கலாம். ஏழாயிரம் என்று எந்தக் கை எழுதியது என்று கேட்டிருக்கலாம். வழக்கப்படி இரண்டு பேருக்கும் உரிமை உண்டு. அவன் ஒன்றுக்காவது அணைத்திருப்பானா பார்க்கலாம். சொல்லச் சொல்ல எனக்கே ஆத்திரம் தாங்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். இருமல் அடங்கும்வரை காத்திருந்து பேசினாள்.

“எனக்குத் தோணவே இல்லீங்க தம்பி. கடன் வாங்குனவ கொடுத்தவரப் போயி எப்புடிக் கேள்வி கேக்கறது?”